காணாமல் போகாத முப்பதாயிரம்

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம்தான் நோட்டுப் புத்தகக் கடைக்காரருக்குத் தீபாவளி. சிவகாசியிலிருந்து நோட்டுக் கட்டுகள் வந்து இறங்கிய மறுநாளே தீர்ந்துவிடும். பேனா, பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ், பிரவுன் அட்டை, லேபிள் என்று கேட்டதை எடுத்துக் கொடுக்கவே நேரம் போதாது. மாதம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி அடைத்துவிட்டு இருப்பு எடுப்பார்கள். அப்படி இருப்பு எடுக்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக முழு எண்களாகவே வைத்துக்கொள்வோம். வரியையும் இப்போதைக்குத் தள்ளி வைப்போம்.

ஜூன் முதல் தேதி கடையில் இருந்த சரக்கு, வாங்கிய விலைப்படி 3,00,000 ரூபாய். மாதம் முழுக்கக் கொள்முதல் செய்தது 5,00,000. விற்றது 6,00,000. கடைக்காரர் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி, வாங்கிய விலைக்கு மேல் 25 சதவீதம் வைத்து விற்கிறவர். அவர் போடும் கணக்கு இது: "ஆறு லட்சம் வித்திருக்கேன். அதுல இருபத்தஞ்சு பர்சன்ட் லாபம், ஒன்றரை லட்சம். அப்படின்னா போன சரக்கோட அசல் நாலரை லட்சம். மூணும் அஞ்சும் எட்டு. எட்டுல நாலரை போனா மூன்றரை லட்சம் சரக்கு இருக்கணும்."

எண்ணிப் பார்த்தால் 3,20,000 ரூபாய்க்குத்தான் சரக்கு இருக்கிறது. 30,000 ரூபாய் குறைகிறது.

கல்லாவைப் பார்க்கிறார். அங்கே பிசகே இல்லை. ஆறு லட்சம் வரவு, ஐந்து லட்சம் கொள்முதலுக்குப் போனது, வாடகையும் சம்பளமும் கரண்ட் பில்லும் கழிந்தது, மீதி பணம் மீதியாகவே இருக்கிறது. பணம் சரி, சரக்கு மட்டும் குறைகிறது என்றால் மனசு எங்கே போகும்? சரக்கு அறைக்குள் போய் வருகிற பையன் மேல்தான் போகும்.

அந்தப் பையன் ஒரு பென்சிலைக்கூடத் தொடவில்லை. முப்பதாயிரம் காணாமல் போகவும் இல்லை. அது கடையில் ஒருநாளும் இருந்ததே இல்லை.

ஆறு லட்சத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு பேனாவைப் பாருங்கள். 8 ரூபாய்க்கு வாங்கி 10 ரூபாய்க்கு விற்கும் பேனா. லாபம் 2 ரூபாய், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த 2 ரூபாய் எத்தனை சதவீதம் என்று கேட்டால் இரண்டு விடை உண்டு, இரண்டுமே சரி. போட்ட 8 ரூபாயோடு ஒப்பிட்டால் 25 சதவீதம். வந்த 10 ரூபாயோடு ஒப்பிட்டால் 20 சதவீதம். வாங்கிய விலையின் மேல் எவ்வளவு ஏற்றி வைத்தோம் என்பது முதல் கணக்கு. வணிகப் பாடத்தில் அதற்கு மார்க்கப் என்று பெயர். கைக்கு வந்த பணத்தில் நமக்கு என்று நிற்பது எவ்வளவு என்பது இரண்டாவது, அது மார்ஜின். கடைத்தெருவில் மார்க்கப் என்று யாரும் சொல்வதில்லை. எதைச் சொன்னாலும் மார்ஜின்தான். பாதித் தகராறு அங்கேயே தொடங்குகிறது.

மீதிப் பாதிக்குப் பள்ளிக்கூடத்தைச் சொல்லலாம். லாப சதவீதம் என்றால் லாபத்தை அடக்க விலையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். பரீட்சைக்கு அது போதும். கடையில் உட்கார்ந்தவனிடம் மாதக் கடைசியில் இருக்கும் பெரிய எண் விற்பனைதான். ஒவ்வொரு பொருளின் அடக்க விலையையும் கூட்டி அவன் எழுதி வைப்பதில்லை. அதனால் அடக்கத்தின் மேல் கற்ற சதவீதத்தை எடுத்து விற்பனையின் மேல் போட்டுவிடுகிறான். 25 சதவீதம் என்பது 8 ரூபாய்க்குச் சொந்தமான எண். அதை 10 ரூபாயின் மேல் வைத்தால் லாபம் இரண்டரை ரூபாய் ஆகிவிடுகிறது. இல்லாத அரை ரூபாய் அப்படித்தான் பிறக்கிறது.

அணாக் கணக்கில் வியாபாரம் செய்த தலைமுறைக்கு இது விரல் நுனியில் விளங்கியிருக்கும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு ரூபாய் சரக்கின் மேல் நாலணா வைத்தால் விற்கும் விலை இருபது அணா. வைத்த நாலணா பதினாறில் காற்பங்கு. இருபதில் ஐந்தில் ஒரு பங்குதான். பின்னத்தில் பார்த்தால் ஒரு நேர்த்தியான ஒழுங்கு தெரியும். வாங்கிய விலையில் நாலில் ஒன்று ஏற்றினால் விற்பனையில் ஐந்தில் ஒன்று நிற்கும். மூன்றில் ஒன்று ஏற்றினால் நாலில் ஒன்று. பாதி ஏற்றினால் மூன்றில் ஒன்று. வாங்கிய விலையையே இன்னொரு மடங்கு ஏற்றினால் சரிபாதி. கீழே உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதும், ஒரு கணக்கு இன்னொன்றாகிவிடும். கூடுகிற அந்த ஒன்று வேறெதுவுமில்லை, நாம் ஏற்றிய லாபமேதான். விற்பனை விலைக்குள் அசலும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. அதனால் விற்பனை விலை எப்போதும் பெரிய எண். பெரிய எண்ணோடு ஒப்பிடும்போது அதே லாபம் சிறிய சதவீதமாகத் தெரியும். நட்டத்துக்கு விற்றால் ஒழிய இது மாறாது.

சிறிய லாபத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 2 சதவீதம் ஏற்றி விற்கிற மொத்த வியாபாரிக்கு விற்பனையில் நிற்பது 1.96. அவர் எந்தப் பெயரில் சொன்னாலும் பெரிய மோசம் வந்துவிடாது. ஏற்றுவது கூடக்கூட இரண்டு எண்களும் விலகிக்கொண்டே போகும். 10 ரூபாய்க்கு வாங்கிய வளையலை 30 ரூபாய்க்கு விற்கும் ஃபேன்ஸி கடையில் ஏற்றியது 200 சதவீதம், நிற்பது 66.67 சதவீதம். ஏற்றுவதற்கு மேல் எல்லை கிடையாது; ஆயிரம் சதவீதமும் ஏற்றலாம். நிற்பது மட்டும் ஒருநாளும் நூறைத் தொடாது, சரக்கு இலவசமாக வந்தால் ஒழிய. எனவே யாராவது "நூறு பர்சன்ட் மார்ஜின்" என்று சொன்னால், அவர் சொல்வது நிற்பதை அல்ல, ஏற்றியதைத்தான் என்று அந்த நிமிடமே தெரிந்துகொள்ளலாம்.

இனி அந்த ஆறு லட்சத்துக்குத் திரும்பலாம். 25 சதவீதம் ஏற்றி விற்றதால் விற்பனையில் நிற்பது 20 சதவீதம். ஆறு லட்சத்தில் 1,20,000. போன சரக்கின் அசல் 4,80,000. எட்டு லட்சத்தில் அதைக் கழித்தால் 3,20,000. எண்ணிப் பார்த்தபோது இருந்தது அதே தொகைதான்.

கல்லா ஏன் சந்தேகத்துக்கு இடம் தரவில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு இத்தனை நாள் பிடிபடாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்த மாதச் செலவு, வாடகை 18,000, இரண்டு பேர் சம்பளம் 26,000, கரண்டும் போனும் 7,000, வண்டிக்கூலி, பை, டீ, சில்லறைச் செலவு 15,000 என்று மொத்தம் 66,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்ற ஆறு லட்சத்தில் கொள்முதலுக்கு ஐந்து லட்சமும் செலவுக்கு 66,000-மும் போனால் கையில் 34,000. கடைக்காரர் நினைத்திருந்த லாபமோ ஒன்றரை லட்சத்தில் 66,000 போக 84,000. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் உடனே உறைக்க வேண்டாமா? உறைக்காது. "முப்பத்து நாலு கையில இருக்கு, மீதி அம்பதாயிரம் சரக்கா நிக்குது" என்று அவர் கணக்கு சமாதானம் சொல்லிவிடும். உண்மையான லாபம் 54,000. அதில் 34,000 கல்லாவில், 20,000 கூடுதல் சரக்காக அலமாரியில். பொய்க் கணக்கும் மெய்க் கணக்கும் கல்லாவில் ஒரே தொகையைத்தான் காட்டுகின்றன. வித்தியாசம் முழுவதும் இருப்பில் ஒளிந்துகொள்கிறது. இருப்பு எடுக்காத கடைகளில், அதுதான் பெரும்பாலான சிறு கடைகளின் நிலை, அது வருடக்கணக்கில் அங்கேயே ஒளிந்திருக்கும்.

கணக்குப் பிசகா, கை நீளமா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கணக்குப் பிசகினால் வரும் குறை விற்பனையோடு ஒட்டியே நடக்கும். மேலே பார்த்த கடையில் அது விற்பனையில் சரியாக 5 சதவீதம். 25-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி. ஆறு லட்சம் விற்ற மாதம் 30,000 குறைந்தால், இரண்டு லட்சம் விற்கும் செப்டம்பரில் 10,000 குறையும். திருடுகிறவன் இப்படி விகிதாசாரம் பார்த்து எடுப்பதில்லை. மாதா மாதம் ஒரே சதவீதம் குறைந்துகொண்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கால்குலேட்டரை.

அந்தக் கால்குலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் இருக்கும் மேசைக் கால்குலேட்டரில் 100, பிளஸ், 25, சதவீதக் குறி என்று அழுத்திப் பாருங்கள். சிலவற்றில் 125 வரும். வேறு சிலவற்றில் 133.33 வரும். இயந்திரம் கெடவில்லை. முதல் வகை, 100-ன் மேல் 25 சதவீதம் ஏற்றுகிறது. இரண்டாவது வகை, விற்பனையில் 25 சதவீதம் நிற்க வேண்டுமானால் 100 ரூபாய்ப் பொருளை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. 133.33-ல் காற்பங்கு 33.33, அதைக் கழித்தால் அசல் 100. உங்கள் மேசை மேல் இருப்பது எந்த வகை என்று ஒருமுறை சோதித்துவிட்டால் நல்லது. கையால் போடுவதும் கடினமில்லை: விற்பனையில் 25 நிற்க வேண்டுமென்றால் நூற்றில் மீதி 75, வாங்கிய விலையை 0.75-ஆல் வகுத்தால் விற்கும் விலை. 20 நிற்க வேண்டுமென்றால் 0.80-ஆல் வகுக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏற்றுகிற கணக்கே வேண்டாம், நிற்கிற கணக்கு மட்டும் போதும் என்று தோன்றலாம். அது முடியாது. கட்டுப் பிரித்து விலை போடும்போது கையில் இருப்பது வாங்கிய பில் மட்டுமே. விற்பனை விலை இனிமேல்தான் பிறக்க வேண்டும். அங்கே ஏற்றுகிற கணக்குதான் கைக்கு எளிது. செலவு, தள்ளுபடி, மாத லாபம் எல்லாம் விற்ற பணத்திலிருந்து கழிபவை. வாடகைக்காரர் கல்லாவிலிருந்துதான் வாங்கிப் போகிறார். அந்த 66,000 செலவு விற்பனையில் 11 சதவீதம். நிற்கிற 20-ல் 11 போனால் 9 மிச்சம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஏற்றிய 25-ல் இந்த 11-ஐக் கழித்தால் வருகிற 14-க்கு அர்த்தமே கிடையாது. ஒன்று வாங்கிய விலையில் சதவீதம், மற்றது விற்ற விலையில் சதவீதம்.

இதே பிசகு தள்ளுபடியில் நடந்தால் சந்தேகத்தோடு நிற்காது, கைக்காசே போகும். ஒரு தனியார் பள்ளியிலிருந்து கேட்கிறார்கள்: 500 லாங் சைஸ் நோட்டு, மொத்தமாக எடுக்கிறோம், 20 சதவீதம் குறைத்துக் கொடுப்பீர்களா? நோட்டு 40 ரூபாய்க்கு வாங்கி 50-க்கு விற்பது. "நமக்கு இருபத்தஞ்சு நிக்குது, இருபது விட்டாலும் அஞ்சு மிஞ்சும், ஐந்நூறு நோட்டுக்கு அது போதும்" என்று கடைக்காரர் தலையாட்டுகிறார். 500 நோட்டின் விலை 25,000. அதில் 20 சதவீதம் போக வருவது 20,000. அவர் வாங்கிய விலை, 500 பெருக்கல் 40, அதுவும் 20,000. ஒரு பைசா மிஞ்சவில்லை. நோட்டுக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய 600 ரூபாய் கைநட்டம். அவர் பெருந்தன்மையாக 25 சதவீதமே விட்டிருந்தால் நோட்டுக்கு 37.50 தான் வந்திருக்கும். ஒவ்வொரு நோட்டுக்கும் இரண்டரை ரூபாய் சொந்தப் பணம் போயிருக்கும். ஏறும்போது 40-ல் காற்பங்கு, இறங்கும்போது 50-ல் காற்பங்கு. இறக்கம் எப்போதும் பெரிய எண்ணிலிருந்து தொடங்குகிறது.

முழு லாபமும் போகாத தள்ளுபடியிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அதே நோட்டுக்குப் பள்ளி திறப்புச் சலுகையாக 10 சதவீதம் என்று பலகை வைத்தால் விலை 45. வாங்குகிறவருக்குக் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. கடைக்காரருக்கோ 10 ரூபாய் லாபம் 5 ஆகிவிட்டது, சரிபாதி. சலுகைக்கு முன்பு 100 நோட்டு விற்றுச் சம்பாதித்ததை இப்போது சம்பாதிக்க 200 நோட்டு விற்றாக வேண்டும். பலகை வைத்ததும் கூட்டம் கூடத்தான் செய்யும்; இரண்டு மடங்கு கூடுமா என்பதே கேள்வி. பல கடைகளில் கூடுவதில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, மாதக் கடைசியில் எங்கே போயிற்று என்று தேடுவார்கள்.

இதுவரை பார்த்தது கடைக்காரர் தனக்குத்தானே செய்துகொள்வது. ஏஜென்சியிலிருந்து ஆர்டர் எடுக்க வரும் சேல்ஸ்மேன் சதவீதம் சொல்லும்போது அது எதன் மேல் என்று கேட்காமல் விடுவது இன்னொரு வாசல்.

"அண்ணாச்சி, இந்த ஜாமெட்ரி பாக்ஸ்ல உங்களுக்கு முப்பத்தொண்ணு பர்சன்ட் மார்ஜின். வேற எந்தக் கம்பெனியும் இவ்வளவு தராது."

"எதுக்கு மேல முப்பத்தொண்ணு தம்பி? எம்.ஆர்.பி. மேலயா, பில் ரேட் மேலயா?"

"பில் ரேட் மேலதான் அண்ணாச்சி."

"பில் ரேட்ல டாக்ஸ் சேத்தா, சேக்காமயா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத் தம்பி ஒரு நொடி தயங்குவார். பெட்டியின் எம்.ஆர்.பி. 210 ரூபாய். பொட்டலத்தில் அச்சிடும் விலை எல்லா வரியும் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். 5 சதவீத வரி போனால் அதில் பொருளின் விலை 200, வரி 10. ஏஜென்சி பில்லில் ரேட் 160, வரி 8, ஆகமொத்தம் 168. சேல்ஸ்மேன் வரியில்லாத 160-ஐ வரியுள்ள 210-லிருந்து கழித்து 50 என்கிறார்; 160-ல் 50 என்பது 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த 50-க்குள் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய பத்து ரூபாயும் ஒளிந்திருக்கிறது. வரியில்லாததை வரியில்லாததோடு வைத்தால் 200-ல் 160 போக 40. வரியுள்ளதை வரியுள்ளதோடு வைத்தால் 210-ல் 168 போக 42. எப்படிப் பார்த்தாலும் ஏற்றியது 25 சதவீதம், விற்பனையில் நிற்பது 20 சதவீதம். முப்பத்தொன்று, இருபத்தைந்து, இருபது என்று மூன்று எண்களும் ஒரே பெட்டிக்குத்தான். சேல்ஸ்மேன் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. தனக்கு அழகான எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இரண்டு ஏஜென்சிகளை ஒப்பிடும்போது இது நேராகப் பணம். இரண்டு பேரும் "இருபது பர்சன்ட்" என்கிறார்கள். ஒருவர் எம்.ஆர்.பி.யிலிருந்து 20 கழிக்கிறார். 100 ரூபாய்ப் பொருள் 80-க்கு வரும். மற்றவர் பில் ரேட்டின் மேல் 20 என்கிறார்; அதே பொருள் 83.33-க்கு வரும். நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேல் வித்தியாசம். சதவீதத்தை விட்டுவிட்டு, "எம்.ஆர்.பி. என்ன, எனக்கு டாக்ஸோட என்ன விலைக்கு விழும்?" என்று இரண்டு தொகைகளை மட்டும் கேட்கிற கடைக்காரரை யாரும் சதவீதத்தால் மயக்க முடியாது.

அரசு உத்தரவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயிக்கும்போது சில்லறை மருந்துக்கடைக்கு 16 சதவீத மார்ஜின் அனுமதிக்கிறது. அந்த 16, கடைக்காரருக்கு வரும் விலையின் மேல். நூறு ரூபாய்க்கு வருவது 116-க்கு விற்கும், வரி தனி. நாம் இதுவரை பேசிய கணக்குப்படி அது ஏற்றுகிற சதவீதம்; விற்பனையில் நிற்பது 13.8 தான். மாத்திரைக்குப் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லி நாம் கேட்கும்போது 116-ல் 11.60 போய் 104.40 ஆகிறது, கடைக்காரர் கையில் 4.40 மிஞ்சுகிறது. அதில்தான் அவருடைய வாடகையும் பிரிட்ஜ் ஓடுகிற கரண்டும். இருபது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கும் பெரிய மருந்துக்கடைகள், இந்தப் பட்டியல் மருந்துகளை உச்சவரம்பில் விற்பவையாக இருந்தால், இன்னும் குறைந்த விலைக்கு வாங்கியிருக்க வேண்டும், அல்லது வேறு சாமான்களில் ஈடுகட்ட வேண்டும். 16-லிருந்து 20-ஐக் கழிக்க வழியில்லை.

நம் நோட்டுக்கடைக்காரர் எல்லாப் பொருளுக்கும் ஒரே 25 சதவீதம் ஏற்றுகிறார் என்று ஆரம்பத்தில் வைத்துக்கொண்டோம். நிஜத்தில் அப்படி ஒரு கடையும் கிடையாது. பெயர் பெற்ற கம்பெனிப் பேனாவில் கொஞ்சமாகத்தான் நிற்கும். பெயரில்லாத நோட்டில் தாராளமாக நிற்கும். ஆறு லட்சத்தில் பேனா வகை இரண்டு லட்சம் விற்று அதில் 10 சதவீதமும், நோட்டு வகை நாலு லட்சம் விற்று அதில் 25 சதவீதமும் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் இருபதாயிரமும் ஒரு லட்சமும், மொத்தம் 1,20,000. ஆறு லட்சத்தில் அதே 20 சதவீதம். பத்தையும் இருபத்தைந்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் பதினேழரை, பேனாவும் நோட்டும் சரிசமமாக விற்றால் மட்டுமே உண்மை. கடை முழுவதற்கும் ஒரு சதவீதம் வேண்டுமென்றால் சதவீதங்களைக் கூட்டக்கூடாது. லாப ரூபாய்களைக் கூட்டி, விற்பனை ரூபாய்களைக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும்.

ஜூலையில் நோட்டு விற்பனை படுத்துவிடும். நோட்டு ஒரு லட்சம், பேனாவும் ஒரு லட்சம் என்று விற்பனை சமமாகிறது. எந்தப் பொருளின் விலையையும் யாரும் மாற்றவில்லை, வாங்கிய விலையும் மாறவில்லை. இருந்தும் கடையில் நிற்பது 20-லிருந்து 17.5 சதவீதமாக இறங்கிவிடும். ஜூனில் கண்ட 20-ஐயே ஜூலைக்கும் போட்டால், இரண்டு லட்சம் விற்பனையில் 40,000 லாபம் எதிர்பார்ப்பார், வந்தது 35,000. இருப்பில் மறுபடியும் ஐயாயிரம் குறையும். பையன் மறுபடியும் மாட்டுவான்.

ஆகவே இருப்பை வைத்து யாரையாவது கேள்வி கேட்பதற்கு முன், கடைக்காரர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. குறைந்த லாபச் சரக்கையும் கூடிய லாபச் சரக்கையும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தேனா? இருப்பு எண்ணும்போது, அட்டையில் ஒட்டியிருக்கும் விற்பனை விலையை எழுதினேனா, பில்லில் உள்ள வாங்கிய விலையை எழுதினேனா? விற்பனை விலையில் எழுதியிருந்தால் மூன்று லட்சத்து இருபதாயிரம் சரக்கு நாலு லட்சமாகத் தெரிந்து, நிஜமான திருட்டையே மறைத்துவிடும். பள்ளிக்குத் தள்ளுபடியில் போன 500 நோட்டைத் தனியாகக் குறித்தேனா? அதில் 20,000 அசல் போயிருக்கிறது. வழக்கமான விற்பனை என்று எண்ணினால் 16,000 தான் போயிருக்க வேண்டும். மழையில் நனைந்தவை, எலி கடித்தவை, வீட்டுப் பிள்ளைகள் எடுத்துப் போனவை, கடன் சிட்டையில் ஏறாமல் கைமாறாகப் போனவை எல்லாம் எழுதப்பட்டனவா?

இத்தனையும் சரி செய்த பிறகு, இருக்க வேண்டியது 3,20,000 என்று வந்து, எண்ணியது 3,12,000 என்று இருந்தால், அந்த எட்டாயிரம் நிஜமாகவே போயிருக்கிறது. அதை விசாரிக்கலாம்.